கல்யாண பட்ஜெட்: வாக்குக் கொடுத்த நாளிலேயே எழுத வேண்டிய கணக்கு

கல்யாணச் செலவு கையை மீறிய வீடுகளிலும் கணக்கு நோட்டு இருந்திருக்கும். ஆனால் அதில் பணம் கைமாறிய நாளில்தான் செலவு எழுதப்பட்டிருக்கும். கல்யாணத்தில் செலவு உண்டாவது பணம் கொடுக்கும் நாளில் அல்ல, "சரி, நீங்களே செய்யுங்கள்" என்று சொல்லும் நாளில். ஆறு மாதம் முன்பு மண்டபத்துக்குச் சிறு தொகை முன்பணமாகக் கொடுத்தால் நோட்டில் அந்தச் சிறு தொகை மட்டுமே ஏறுகிறது. மீதித் தொகைக்கும் நாம் அன்றே கட்டுப்பட்டுவிட்டோம் என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. இப்படிப் பத்துப் பேரிடம் முன்பணம் கொடுத்த பிறகும் நோட்டைப் பார்த்தால் பணம் நிறைய மிச்சம் இருப்பது போலத் தெரியும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் அடுத்தடுத்த செலவுகளுக்குத் தலையாட்டுகிறோம்.

இந்த வழிகாட்டி அந்த ஓட்டையை அடைக்கும் கணக்கு முறையைப் பற்றியது. செலவு வகைகளையும், எந்த இடத்தில் கை நழுவும் என்பதையும் அந்த முறையை ஒட்டியே பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரே ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே தொடர்வோம். அதன் மொத்தத் தொகை 1000 பங்கு. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் உங்கள் மொத்தத் தொகையை 1000ஆல் வகுத்தால் ஒரு பங்கு என்ன என்று தெரிந்துவிடும். நாங்கள் பிரித்திருக்கும் அளவு ஒரு மாதிரிதான்; உங்கள் வீட்டில் நகைக்குக் கூடலாம், படத்துக்குக் குறையலாம். கணக்கு ஓடும் விதம் மாறாது.

முதல் படி: மொத்தத் தொகையை முடிவு செய்வது

இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து, முதலில் "என்னென்ன வேண்டும்" என்று பேச ஆரம்பித்தால் மொத்தம் எப்போதும் கையில் இருப்பதைத் தாண்டித்தான் நிற்கும். "எவ்வளவு இருக்கிறது" என்பதிலிருந்து தொடங்குங்கள். கல்யாண நாளுக்குள் கைக்கு வரக்கூடிய பணத்தை மட்டும் கூட்ட வேண்டும். சேமிப்புக் கணக்கில் இருப்பது, அதற்குள் முதிர்வடையும் வைப்புநிதி, "இந்தத் தொகை என்னுடையது" என்று உறவினர் தொகையைச் சொல்லி உறுதி கொடுத்தது ஆகியவை இதில் வரும். "பார்த்துச் செய்கிறேன்" என்று சொன்னவரின் பணம் வராது. கல்யாணத்தன்று பரிசாக வரப்போகும் பணமும் வராது. அது வரும்போது முக்கால்வாசி பில் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். எவ்வளவு வரும் என்பதும் யாருக்கும் தெரியாது.

கடன் வாங்குவதாக இருந்தால் எவ்வளவு, மாதம் எத்தனை கட்ட வேண்டும், யார் கட்டப்போவது என்பதை இந்த முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள். கடைசி வாரத்தில் வாங்கும் கடன்தான் அதிக வட்டிக்கு வாங்கும் கடன்.

மொத்தம் தெரிந்ததும் அதில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். இதைக் காப்புத்தொகை என்று அழைப்போம். நம் உதாரணத்தில் அது 100. வகைகளுக்குப் பிரித்துக் கொடுக்க 900 மட்டுமே இருக்கிறது. காப்புத்தொகை எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும். எல்லோருக்கும் தெரிந்தால் அது காப்பாக நிற்காது, கூடுதல் பட்ஜெட்டாகிவிடும்.

இரண்டாம் படி: வகை பிரிப்பது

நம் உதாரணக் கல்யாணத்துக்கு 250 விருந்தினர். 900 இப்படிப் பிரிகிறது:

| வகை | திட்டம் |
|---|---|
| இடம் | 160 |
| உணவு | 300 |
| உடை | 110 |
| நகை | 120 |
| படம், வீடியோ | 80 |
| அலங்காரம், ஒலி, ஒளி | 60 |
| போக்குவரத்து, தங்குமிடம் | 30 |
| அழைப்பிதழ், அன்பளிப்பு | 30 |
| கட்டணம், கூலி, சில்லறை | 10 |

ஒன்பது வகை போதும். இருபது வகை வைத்தால் இரண்டாம் வாரத்திலேயே எழுதுவதை நிறுத்திவிடுவீர்கள். ஐந்து மட்டும் வைத்தாலோ எது மீறியது என்றே தெரியாது.

வகையின் பெயரைவிட முக்கியமானது, அந்தச் செலவை எது ஏற்றுகிறது என்பது. கல்யாணச் செலவுகளை மூன்றாகப் பார்க்கலாம். முதலாவது தலைக்கு ஏறும் செலவு: உணவு, அன்பளிப்பு, இருக்கை, தங்கும் அறை. இரண்டாவது நேரத்துக்கு ஏறும் செலவு: மண்டபம், படக்காரர்கள், ஒலி அமைப்பு, வண்டி ஓட்டுநர்கள். மூன்றாவது ஒருமுறை செய்தால் முடிந்துபோகும் செலவு: உடை, நகை, பதிவுக் கட்டணம். ஒவ்வொரு வகைக்கு எதிரிலும் "தலை", "நேரம்", "ஒருமுறை" என்று ஒரு சொல் எழுதிவையுங்கள். செலவு மீறும்போது எங்கே பிடிக்க வேண்டும் என்பதை அந்தச் சொல்தான் காட்டும். உணவுச் செலவு மீறினால் பட்டியலில் ஒரு பதார்த்தத்தைக் குறைப்பதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. தலையைக் குறைத்தால்தான் குறையும். மண்டபச் செலவு மீறுவது பெரும்பாலும் வாடகையால் அல்ல, கூடுதல் மணிநேரத்தால்.

தொகையை நிரப்பும்போது ஒவ்வொரு வகையிலும் ஒட்டிக்கொண்டு வரும் சிறு செலவுகளையும் சேர்த்தே நிரப்ப வேண்டும். இடம் என்ற வகையில் வாடகை 140 என்று சொல்லியிருப்பார்கள். துப்புரவுக் கட்டணம், மின்சாரம், வரி எல்லாம் சேர்த்துக் கேட்டால் 160 ஆகும். திட்டத்தில் எழுத வேண்டியது 160. விலை கேட்கும்போது "வரியோடு, எல்லாம் சேர்த்துக் கடைசியாக எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அலைபேசியில் ஒரு குறுஞ்செய்தியாக வந்தாலும் சரிதான். உடை வகையில் தையல் கூலி, அளவு திருத்தம், காலணி வரை வரும். நகை வகையில் செய்கூலியும் வரியும் வரும். உலோகத்தின் விலை நாளுக்கு நாள் மாறுவதால், எந்த நாளின் விலையில் வாங்குகிறோம் என்பதையும் ரசீதில் எழுதச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: விருந்தினர் பட்டியலைக் கணக்கோடு இணைப்பது

பட்ஜெட்டில் மிகப் பெரிய திருகு இதுதான். அதனால் இதற்கு நேரம் கொடுங்கள்.

பட்டியலை ஆள் ஆளாக எழுதாமல் வீடு வீடாக எழுதுங்கள். ஒரு வரியில் வீட்டின் பெயர், அழைக்கப்படும் தலைகள், தங்க இடம் வேண்டுமா, வண்டி வேண்டுமா என்ற நான்கும் இருக்கட்டும். அழைப்பிதழ் வீட்டுக்கு ஒன்றுதான் என்பதால் 250 தலைகளுக்கு 250 அச்சடிக்க வேண்டியதில்லை. வரிகளை எண்ணினால் எத்தனை அடிக்க வேண்டும் என்பது தெரியும். கூடக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி நெடுவரிசை வேண்டும். ஒரே எண்ணிக்கையை எல்லா நிகழ்ச்சிக்கும் போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு.

பதில் வரத் தொடங்கியதும் ஒவ்வொரு வீட்டுக்கும் உறுதி, சந்தேகம், வரவில்லை என்று மூன்று குறிகளில் ஒன்றை இடுங்கள். உணவுக்காரரிடம் எண்ணிக்கை சொல்லும்போது உறுதியானவர்களை முழுதாகவும் சந்தேகத்தில் இருப்பவர்களில் பாதியையும் எடுத்துக்கொள்வது நடைமுறைக்குப் பொருந்தி வரும். அவர்களிடம் இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். கடைசி எண்ணிக்கையை எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும்? அதற்குப் பிறகு ஆள் கூடினால் தலைக்கு என்ன விலை? பெரும்பாலான உணவுக்காரர்கள் ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கைக்குப் பணம் வாங்கிவிடுவார்கள். அந்த எண்ணுக்குக் கீழே எத்தனை பேர் குறைந்தாலும் பில் குறையாது. ஆகவே குறைந்தபட்ச எண்ணை அதிகமாக ஒப்புக்கொண்டு "பிறகு குறைத்துக்கொள்ளலாம்" என்று இருக்கக் கூடாது. குறைவாக ஒப்புக்கொண்டு, கூட்டிக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொள்வதே நல்லது.

இப்போது நம் உதாரணத்தில் பட்டியல் 250இலிருந்து 290 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படிப் பெருகாத பட்டியலே இல்லை. உணவு தலைக்கு 1.2 பங்கு என்றால் 40 பேருக்கு 48. அன்பளிப்பு தலைக்கு 0.1 என்றால் 4. ஒரு வண்டி கூடுதலாகத் தேவைப்படுகிறது, அதற்கு 8. மொத்தம் 60. "இன்னும் நாற்பது பேர்தானே" என்ற ஒரு பேச்சு, காப்புத்தொகை 100இல் பாதிக்கு மேல் எடுத்துவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 40 பேருக்கு 60 என்பதால் தலைக்கு 1.5 என்று வகுத்து, 10 பேரைக் குறைத்தால் 15 மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி வராது. வண்டி 30 பேர் வந்தாலும் வர வேண்டும், அதன் வாடகை குறையாது. உணவும் அன்பளிப்பும் மட்டுமே குறையும். 10 பேருக்கு 13. வண்டி, தங்கும் அறை, கூடுதல் மேசை போன்றவை தலைக்குத் தலை ஏறுபவை அல்ல, படி படியாக ஏறுபவை. ஒரு படி ஏறுவதற்குச் சற்று முன்பு நிறுத்திக்கொள்வதில்தான் லாபம். வண்டியில் இடம் நிறைந்துவிட்டதா, இன்னும் நான்கு இருக்கை இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு பட்டியலை முடித்தால், அடுத்த நான்கு பேரை மனம் நோகாமல் அழைக்கலாம்; ஐந்தாவது பேரில் மட்டும் யோசித்தால் போதும்.

நான்காம் படி: கணக்குத் தாள்

நோட்டுப் புத்தகத்திலும் செய்யலாம். ஆனால் இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருப்பதால் பகிர்ந்துகொள்ளக்கூடிய விரிதாள் வசதி. அதில் இரண்டே தாள்கள். முதலாவது "பதிவு". அதன் நெடுவரிசைகள் A முதல் F வரை வரிசையாக: தேதி, வகை, விவரம், ஒப்புக்கொண்டது, கொடுத்தது, யார்.

எழுதும் விதி எளிமையானது. ஒருவரிடம் வேலையை ஒப்படைத்த அன்று ஒரு வரி: முழுத் தொகையும் "ஒப்புக்கொண்டது" என்ற இடத்தில் வரும். பணம் கொடுத்த அன்று இன்னொரு வரி: தொகை "கொடுத்தது" என்ற இடத்தில் மட்டும் வரும். கடைக்குப் போய் உடனே வாங்கி வந்தால் ஒரே வரியில் இரண்டு இடத்திலும் அதே தொகை. பேசிய தொகை பிறகு கூடினால் பழைய வரியைத் திருத்தாதீர்கள். கூடிய தொகையை மட்டும் புது வரியாக எழுதி, விவரத்தில் காரணத்தைக் குறியுங்கள். ஒப்பந்தம் ரத்தானால் கழித்தல் குறியோடு எழுதுங்கள். பழைய எண்ணை அழித்துவிட்டால் எங்கே, எப்போது, யார் சொல்லிக் கூடியது என்பதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது தாள் "சுருக்கம்". இதில் A முதல் F வரை: வகை, திட்டம், ஒப்புக்கொண்டது, கொடுத்தது, கொடுக்க வேண்டியது, மீதம். முதல் இரண்டையும் நீங்கள் எழுத வேண்டும். மற்ற நான்கையும் இரண்டாம் வரியில் இந்தச் சூத்திரங்கள் பார்த்துக்கொள்ளும். பிறகு கீழே இழுத்துவிட்டால் எல்லா வகைக்கும் வந்துவிடும்.

```
C2: =SUMIF('பதிவு'!$B:$B,$A2,'பதிவு'!$D:$D)
D2: =SUMIF('பதிவு'!$B:$B,$A2,'பதிவு'!$E:$E)
E2: =C2-D2
F2: =B2-C2
```

கவனியுங்கள்: "மீதம்" என்பது திட்டத்திலிருந்து ஒப்புக்கொண்டதைக் கழித்து வருகிறது, கொடுத்ததைக் கழித்து அல்ல. இந்த முறையின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இதில் பெரும்பாலும் ஒரே ஒரு பிழைதான் வரும். ஒருவர் "உணவு" என்றும் இன்னொருவர் "சாப்பாடு" என்றும் எழுதினாலோ, சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலோ, அந்த வரி சுருக்கத்தில் சேராது. தொகை காணாமல் போகும், எச்சரிக்கை எதுவும் வராது. இதைத் தவிர்க்க, வகை நெடுவரிசையில் தட்டச்சு செய்யாமல் தேர்ந்தெடுக்கும் கீழிறங்கு பட்டியலை வைத்துவிடுங்கள். பிழை இருக்கிறதா என்று பார்க்க, பதிவுத் தாளில் D நெடுவரிசையின் மொத்தத்தையும் சுருக்கத்தில் C நெடுவரிசையின் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ஏதோ ஒரு வரியின் வகைப் பெயர் தவறு.

ஐந்தாம் படி: தாள் சொல்வதைப் படிப்பது

நம் உதாரணத்தில் மூன்று மாதம் ஓடியிருக்கிறது. இதுவரை நடந்தவை: மண்டபம் 160க்குப் பேசி 50 முன்பணம். உணவு 300க்குப் பேசி 60 முன்பணம். படம் 80க்குப் பேசி 20. அலங்காரம் 60க்குப் பேசி 15. உடை 95க்கு வாங்கியாயிற்று, முழுப் பணமும் கொடுத்தாயிற்று. தையலுக்கு 12 பேசியிருக்கிறது, இன்னும் கொடுக்கவில்லை. விருந்தினர் பட்டியல் இன்னும் 250இலேயே இருக்கிறது.

பழைய மாதிரி நோட்டில் கொடுத்தது மட்டும் இருந்தால் மொத்தம் 240. திட்டம் 900 என்பதால் 660 மிச்சம் இருப்பதாகத் தெரியும். இந்த நிலையில் அலங்காரக்காரர் "இன்னும் 25 போட்டால் மேடையை வேறு மாதிரி செய்யலாம்" என்கிறார். 660 இருக்கும்போது 25 என்ன பெரிய தொகை?

புதிய தாளில் ஒப்புக்கொண்டது 707. மிச்சம் 193. அதிலும் நகை 120, போக்குவரத்து 30, அழைப்பிதழ் 30, சில்லறை 10 என்று 190க்கு இனிமேல்தான் செலவு தொடங்கப்போகிறது. உண்மையில் யாருக்கும் ஒதுக்காமல் கையில் இருப்பது உடை வகையில் மிஞ்சிய 3 பங்கு மட்டுமே. அலங்காரக்காரருக்கு 25 கொடுக்க வேண்டுமானால் 22 எங்கிருந்து வருகிறது என்பதை இப்போதே சொல்லியாக வேண்டும்.

அதற்கு ஒரு விதியை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வகை மீறினால், இன்னொரு வகையின் பெயரைச் சொல்லி அதிலிருந்து எடுக்க வேண்டும். "எங்காவது சரிக்கட்டிக்கொள்ளலாம்" என்ற பதிலை ஏற்கக் கூடாது. நகையில் 22 குறைப்பதாக முடிவு செய்தால், சுருக்கத் தாளில் நகையின் திட்டத்தை 98 ஆகவும் அலங்காரத்தை 82 ஆகவும் மாற்றி, உடையின் மிச்சம் 3ஐயும் அலங்காரத்துக்கே கொடுத்து 85 ஆக்குங்கள். உடையின் திட்டம் 107 ஆகும். மொத்தம் 900 மாறாமல் இருக்க வேண்டும். இப்படி எண்ணாகப் பார்க்கும்போது பாதி ஆசைகள் தாமாகவே அடங்கிவிடும். அடங்காத ஆசை உண்மையிலேயே வேண்டியதுதான்; அதற்குக் கொடுப்பதில் தவறே இல்லை. நம் உதாரணக் குடும்பம் மேடை பழையபடியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறது.

வாரத்தில் ஒரு நாளை நிர்ணயித்து, இரண்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் கால் மணி நேரம் இந்தத் தாளைப் பார்த்தால் போதும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது மீதம் என்ற நெடுவரிசையில் கழித்தல் குறி எங்கே இருக்கிறது என்பதை. அதோடு "யார்" என்ற நெடுவரிசையையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு வீட்டாரும் தனித்தனியே முன்பணம் கொடுத்திருப்பது அங்கேதான் தெரியும். வண்டியும் பூவும் இப்படி இரட்டையாகப் பேசப்படுவது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் இரண்டுமே "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மரியாதைக்குச் சொல்லப்படுபவை.

பணம் நழுவும் மற்ற இடங்கள்

பட்டியல் பெருகுவதைச் சொல்லிவிட்டோம். அதற்கு அடுத்து, யாரும் எண்ணாமல் விட்டுவிடும் தலைகள். படக்காரர்கள், இசைக் குழு, அலங்காரக்காரர்களின் ஆட்கள், ஓட்டுநர்கள், மண்டபத்து ஊழியர்கள் எல்லோரும் சாப்பிடுவார்கள், சாப்பிட வேண்டும். விருந்தினர் பட்டியலில் அவர்கள் இருக்க மாட்டார்கள். நம் உதாரணத்தில் அப்படி 20 பேர் என்றால் 24 பங்கு. காப்புத்தொகையில் ஏற்கெனவே 60 போய் 40 நின்றது. இப்போது 16 நிற்கிறது. திட்டம் போடும்போதே உணவு எண்ணிக்கையில் "பணிக்கு வருவோர்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இது காப்பைத் தொட்டிருக்காது.

அடுத்தது நேரம். நிகழ்ச்சி ஒரு மணி நேரம் தாமதமானால் ஒரு பில் அல்ல, நேரத்துக்கு ஏறும் எல்லா பில்களும் ஒன்றாக ஏறும். மண்டபத்துக்கு 6, படக்காரர்களுக்கு 4, ஒலிக்கு 2 என்று வைத்தாலும் ஒரு மணிக்கு 12. காப்பில் 4 மட்டும் மிச்சம். இதைக் கட்டுப்படுத்தப் பணத்தைக் குறைத்துப் பேசுவதைவிட நேர அட்டவணையைச் சரியாகப் போடுவது பலன் தரும். மண்டபத்தைக் காலி செய்ய வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நிகழ்ச்சி முடியும்படி அட்டவணை இருக்கட்டும். பொருட்களை மூட்டை கட்டி வெளியே எடுக்கவும் நேரம் பிடிக்கும், அந்த நேரமும் வாடகை நேரம்தான். ஒப்பந்தத்தில் கூடுதல் மணிக்கு என்ன கட்டணம், பாதி மணிக்கு முழு மணிக் கட்டணமா என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உடைக் கடையில் மீறுவது விலை உயர்ந்த ஒரு உடையால் என்று நினைப்போம். பெரும்பாலும், முன்கூட்டிப் பெயர் எழுதாத உறவினர்களுக்கு அங்கேயே நின்று வாங்குவதால்தான் மீறுகிறது. கடைக்குப் போகும் முன் யார் யாருக்கு, ஒவ்வொருவருக்கும் அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். பட்டியலில் இல்லாத பெயருக்கு அன்றே வாங்காமல் இன்னொரு நாள் வந்து வாங்குவதாக வைத்துக்கொண்டால், அந்த இன்னொரு நாள் பெரும்பாலும் தேவைப்படாது.

மண்டபத்துக்குக் கொடுக்கும் திரும்ப வரும் வைப்புத்தொகை செலவு அல்ல. ஆனால் கைப்பணத்தை முடக்கும், சில வேளைகளில் மறந்தும் போகும். அதற்கு "வைப்பு" என்று பத்தாவது வகை ஒன்றைத் திட்டம் 0 என்று போட்டுத் திறந்து, கொடுத்த தொகையை ஒரே வரியில் ஒப்புக்கொண்டது, கொடுத்தது இரண்டிலும் எழுதுங்கள். 30 கொடுத்திருந்தால் மீதம் -30 என்று காட்டிக்கொண்டே இருக்கும். பணம் திரும்பிய அன்று இரண்டு இடத்திலும் -30 எழுதினால் 0 ஆகிவிடும். அதுவரை அந்தக் கழித்தல் குறி கண்ணில் படுவது நல்லதுதான். மண்டபத்தை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் சுவர், கண்ணாடி, பாத்திரங்களைப் படம் எடுத்து வைத்தால் சேதம் என்று சொல்லிப் பிடிப்பதைத் தடுக்கலாம்.

ஆறாம் படி: கடைசி பத்து நாட்கள்

நம் உதாரணத்தில் மூன்றாம் மாத முடிவில் 707 ஒப்புக்கொண்டு 240தான் கொடுத்திருந்தார்கள். மீதி 467உம், பட்டியல் பெருகியதால் கூடியதும் பெரும்பாலும் கடைசி நாட்களில்தான் கேட்கப்படும். பட்ஜெட்டுக்குள் இருந்தும் அந்த வாரத்தில் கையில் பணம் இல்லாமல் தவிப்பது இதனால்தான். ஒரு மாதம் முன்பே, யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு, ரொக்கமா வங்கி வழியா, எந்தக் கணக்கிலிருந்து என்று ஒரே ஒரு காகிதத்தில் தேதி வரிசையில் எழுதுங்கள். வைப்புநிதி முதிரும் தேதி, வங்கி விடுமுறை, ஒரு நாளில் கணக்கிலிருந்து அனுப்பக்கூடிய உச்ச வரம்பு ஆகிய மூன்றையும் அந்தத் தேதிகளோடு வைத்துப் பாருங்கள். வரம்பு குறைவாக இருந்தால் முன்கூட்டியே உயர்த்திக்கொள்ளலாம், அல்லது இரண்டு நாளாகப் பிரித்து அனுப்பலாம்.

கல்யாண நாளில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டியதை முந்தின நாளே தனித்தனி உறையில் போடுங்கள். உறையின் மேல் பெறுபவர், வேலை, தொகை, பதிவுத் தாளின் வகை ஆகிய நான்கும் இருக்கட்டும். கூலி, அன்பளிப்பாகக் கொடுக்கும் சிறு தொகைகளுக்கும் தனி உறைகள் வேண்டும். அவைதான் யாருக்கும் கணக்குத் தெரியாமல் கரைபவை. உறைகளை வைத்திருப்பவர் மணமக்களின் பெற்றோராக இருக்கக் கூடாது. அன்று அவர்களை ஒரு நிமிடம்கூடத் தனியாகப் பிடிக்க முடியாது. நம்பிக்கையான ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருக்கட்டும். உறையைக் கொடுக்கும்போது அதன் மேலேயே கையெழுத்து வாங்கி, உறையை அலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, பிறகு பணத்தை எடுத்துக் கொடுத்தால் ரசீது புத்தகமே தேவையில்லை. யாராவது பேசியதைவிடக் கூடக் கேட்டால் "நாளைக்குக் கணக்குப் பார்த்துவிட்டுத் தருகிறோம்" என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அவருக்கு இருக்க வேண்டும், கூடக் கொடுக்கும் அதிகாரம் அல்ல.

மறுநாள் உறைப் படங்களைப் பார்த்து "கொடுத்தது" வரிகளை நிரப்புங்கள். சுருக்கத் தாளில் "கொடுக்க வேண்டியது" என்ற நெடுவரிசையில் 0 இல்லாத வகைகள் மிஞ்சும். வழக்கமாக அவை படத் தொகுப்பு கைக்கு வந்ததும் கொடுக்க வேண்டிய கடைசித் தவணையும், திரும்பாத வாடகைப் பொருட்களும்தான். படத்துக்கான கடைசித் தவணையைப் பேசும்போதே, தொகுப்பு முழுதாகக் கைக்கு வந்த பிறகு என்று எழுத்தில் வைத்திருந்தால், அந்த ஒரு வரி மட்டும் சில வாரம் திறந்தே இருக்கலாம். வைப்பு வரி 0 ஆகும்வரை தாளை மூட வேண்டாம்.